கைரேகை வைத்தும் கைக்கு வராத 2,000 ரூபாய்

எங்கள் ஊரில் வங்கி முகவராக இருக்கும் பேங்க் மித்ராவிடம் அம்மா 2,000 ரூபாய் எடுக்கப் போனார். களை பறித்துக் காய்த்த கட்டைவிரலை மெஷின் இரண்டு முறை ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மோதிர விரலை வைத்தார், ஏற்றது. ஆனால் திரையில் தோல்வி, அம்மா போனிலோ பணம் கழிந்ததாக மெசேஜ்.

"இன்னொரு தடவை வைங்கம்மா" என்றார் மித்ரா. நான் விடவில்லை. முதலில் தோல்விச் சீட்டை வாங்கினேன். அதில் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் RRN என்ற 12 இலக்க எண்தான் உயிர். அம்மா கணக்கு உள்ள கிளையில் அந்த எண், தேதி, தொகையோடு புகார் எழுதிக் கொடுத்தோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நான்காம் நாளே பணம் வந்துவிட்டது.

இருப்பு பார்த்தாலும் பணம் போட்டாலும் இப்போது சீட்டு வாங்குகிறோம். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கும். அன்றே போட்டோ எடுத்துவிடுகிறேன்.