அரைக்கிலோ வெண்ணெயை உருக்கினால் எது போகிறது, எது நிற்கிறது?

நெய்க்கும் வெண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை அறிய அடுப்பும் சமையலறைத் தராசும் போதும். 500 கிராம் உப்பில்லா வெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. உருக்குதல்

அடிகனமான பாத்திரத்தில், சிறு தீயில் வையுங்கள். உருகியதும் நுரை கட்டிச் சடசடவென்று ஓசை எழும். வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் நீர். அது ஆவியாகும் ஓசை இது. நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்பதால் எளிதில் தீயாது.

ஓசை அடங்கியதும் அடுப்பை விட்டு நகராதீர்கள். சூடு இனி வேகமாக ஏறும். பாலின் புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து சிவக்கும். நெய் மணம் அங்கிருந்துதான் பிறக்கிறது. கசண்டு பொன்னிறமாகி, நெய் தெளிந்து பாத்திரத்தின் அடி தெரிந்ததும் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு, அது மொறுமொறுப்பானதும் இறக்கிவிடுங்கள். கசண்டு கறுத்துவிட்டால் நெய் கசக்கும். நீர் மிச்சமிருந்தால் நெய் சீக்கிரம் கெட்டுவிடும்.

2. வடித்து எடை போடுதல்

மெல்லிய துணியில் வடித்தால் ஏறத்தாழ 400 கிராம் கிடைக்கும். போனது நீரும் கசண்டும்தான். கொழுப்பு முழுவதும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

3. தாளித்துப் பார்த்தல்

வெண்ணெய் 150 முதல் 175 டிகிரிக்குள் புகையத் தொடங்கும். முதலில் கருகுவது அதிலுள்ள பால் துகள்கள். அவை நீங்கிய நெய் 230 டிகிரிக்கு மேலும் தாங்கும். சரியாக வடிக்காத நெய் அவ்வளவு தாங்காது. நீராவி வெண்மையாக எழுந்து உடனே மறையும். நீலம் கலந்த மெல்லிய புகை கண்ணை எரித்தால் கொழுப்பே சிதைகிறது என்று பொருள். உடனே தீயைக் குறையுங்கள்.

4. ரத்தக் கொழுப்புக் கணக்கு

நெய் அதிகச் சூட்டைத் தாங்குவதால் இதயத்துக்கும் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. இதயத்துக்குக் கேடான எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உயர்த்துவது முக்கியமாக நிறைவுற்ற கொழுப்பு. நீர் போய்ச் செறிவானதால், 100 கிராம் வெண்ணெயில் சுமார் 51 கிராமாக இருக்கும் அது, நெய்யில் சுமார் 62 கிராம்.

ஒரு தேக்கரண்டி நெய் சுமார் நாலரை கிராம். நாளுக்கு மூன்று தேக்கரண்டி என்றால் நிறைவுற்ற கொழுப்பு 8 கிராமைத் தாண்டும். 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும், மொத்தக் கலோரியில் 10 சதவீதம் என்ற வரம்பு 22 கிராம்தான். பாலும் தேங்காயும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் நெய் என்று மாற்றுவதால் எல்.டி.எல். இறங்கிவிடாது. அது ஏற்கெனவே கூடுதலாக இருப்பவர்கள் தாளிப்பை நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாற்றிவிட்டு, மணத்துக்காக ஒரு தேக்கரண்டி நெய்யைச் சூடான சோற்றில் விட்டுக்கொள்ளலாம். இரண்டு, மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பலன் தெரியும்.