பதினோரு சதவீத சார்ஜில் முடித்த சுருக்கம்

ஆறு பேர் அறை, ராத்திரி பத்தரைக்குக் கரண்ட் போச்சு. பக்கிங்காம் கால்வாய் பற்றிய மூன்று பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கிக் காலையில் கொடுக்கணும். போனில் 11% சார்ஜ். டார்ச் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். வெளிச்சம் பரவியது, தூங்குறவன் கண்ணிலும் அடிக்கலை.

அதுவரை வரி வரியாகக் காப்பியடித்துப் பக்கம் நிரம்பியிருந்தது. அதை அடித்துவிட்டு, ஒரு பத்தி படித்ததும் டார்ச்சை அணைத்தேன். இருட்டில் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, மறுபடி டார்ச்சைப் போட்டு இரண்டே வரி எழுதினேன். சார்ஜ் மிச்சம் பிடிக்கச் செய்தது, சுருக்கத்துக்கே உதவியது.

கடைசியில் மூலத்தோடு ஒத்துப் பார்த்தால் ஒரு தப்பு: '1877-78 பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்' என்று எழுதியிருந்தேன். எண்ணூர்ப் பக்கம் 1806-லேயே வெட்டியாச்சு. பஞ்சத்தில் வெட்டியது அடையாறு, கூவம் இணைப்பு மட்டும். திருத்தி முடித்தபோது 3%.