எஃப்-1 விசாவில் வளாக வேலை: வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாமல் கணக்கு வைப்பது எப்படி

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கிறவர்களுக்கு வளாக வேலை பற்றிய விதி பார்க்க எளிமையானது. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்தில் வேலை பார்க்கலாம். தனியாக வேலை அனுமதி அட்டை எதுவும் வேண்டாம். இதை நம்பி முதல் செமஸ்டரிலேயே இரண்டு வேலைகளில் சேர்ந்தேன். நூலகத்தில் 12 மணி நேரம், வளாகத்துக்குள் இருக்கும் காபிக் கடையில் 8 மணி நேரம். கூட்டினால் சரியாக 20. ஆனாலும் ஒரு வாரம் 24 மணி நேரம் வரப் பார்த்தது. அது எப்படி நடந்தது, இப்போது எப்படிக் கணக்கு வைக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐ-20, ஐ-94, செவிஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அது உண்மையிலேயே வளாக வேலைதானா என்று பாருங்கள்

வளாகத்துக்குள் நடக்கிற வேலை எல்லாமே வளாக வேலை ஆகிவிடாது. பல்கலைக்கழகமே சம்பளம் தருகிறது என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. நூலகம், ஆய்வகம், விடுதி வரவேற்பறை, டியூஷன் மையம் எல்லாம் இந்த வகை. வெளி நிறுவனம் சம்பளம் தருகிறது என்றால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேலை வளாகத்துக்குள் நடக்கிறதா? அது மாணவர்களுக்கு நேரடியாகச் சேவை தருகிறதா? ஒப்பந்ததாரர் நடத்தும் உணவகமும் புத்தகக் கடையும் இரண்டுக்கும் பொருந்தும். அதே வளாகத்தில் புதுக் கட்டடம் எழுப்பும் நிறுவனத்தில் வேலை பார்த்தால் அது வளாக வேலை அல்ல. விதியிலேயே இந்த உதாரணம் இருக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் `8 CFR 214.2(f)(9)(i)` என்று தேடுங்கள்.

ஒப்பந்ததாரரிடம் சேர்ந்தால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அவர்களுக்கு ஊரில் வேறு கிளைகளும் இருக்கும். "இன்று அங்கே ஆள் குறைவு, ஒரு ஷிப்ட் பார்த்துக் கொடுக்க முடியுமா?" என்று மேலாளர் நல்ல மனதோடுதான் கேட்பார். அதே நிறுவனம், அதே சீருடை, அதே சம்பளம்தான். ஆனால் வளாகத்துக்கு வெளியே கால் வைத்த அந்த ஷிப்ட் அனுமதி இல்லாத வேலை. சேரும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.

வேலைப் பட்டியலில் "Federal Work-Study" என்று இருந்தால் தாண்டிப் போங்கள். அது அரசு நிதியுதவித் திட்டம். எஃப்-1 மாணவருக்குக் கிடைக்காது.

என் சொந்தக் கருத்து: முடிந்தால் ஒரே வேலை, அதுவும் பல்கலைக்கழகச் சம்பளப் பட்டியலில் இருக்கும் வேலையாகப் பாருங்கள். மணிக்கு ஒன்றிரண்டு டாலர் குறைந்தாலும் பரவாயில்லை. காரணம் படி 3-இல் புரியும்.

படி 2: காகித வேலை

வேலை உறுதியானதும் மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்டுக்குள் வந்து குறைந்தது 10 நாள் கழித்துப் போங்கள். அதற்கு முன்னால் போனால் உங்கள் விவரம் அவர்கள் கணினியில் ஏறியிருக்காமல் திரும்ப வேண்டி வரலாம். வேலை பார்க்கும் தகுதியைச் சரிபார்க்கிற ஐ-9 படிவத்தில் உங்கள் பகுதியை வேலையின் முதல் நாளுக்குள் நிரப்ப வேண்டும். அசல் ஆவணங்களைக் காட்ட மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. பாஸ்போர்ட், ஐ-94, ஐ-20 மூன்றையும் எடுத்துப் போனால் போதும்.

படி 3: "வாரம்" எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள்

நான் தடுக்கி விழப் பார்த்த இடம் இதுதான். வாரம் 20 மணி நேரம் என்று சொல்கிற விதி, வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்று சொல்வதில்லை. நடைமுறையில் வேலை தருகிறவரின் சம்பளக் கணக்குதான் அதை முடிவு செய்கிறது. என் நூலகத்துக்கு ஞாயிறு முதல் சனி வரை ஒரு வாரம். காபிக் கடையை நடத்திய ஒப்பந்ததாரருக்கு வெள்ளி முதல் வியாழன் வரை ஒரு வாரம்.

நூலகத்தில் திங்கள், செவ்வாய், புதன் தலா 4 மணி நேரம் பார்த்தேன். கடையில் வெள்ளி 4, சனி 4. ஒரு வாரம் கூட வேலை பார்த்த பெண் வந்து, "எனக்குத் திங்கட்கிழமை தேர்வு இருக்கிறது, உன் சனிக்கிழமையை நான் பார்க்கிறேன், என் ஞாயிற்றுக்கிழமையை நீ எடுத்துக்கொள்" என்றாள். நாலு மணி நேரத்துக்கு நாலு மணி நேரம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் இரண்டு பெயர்களையும் அடித்து மாற்றி எழுதினோம். மேலாளரும் கையெழுத்துப் போட்டார்.

கடையின் கணக்கில் தவறே இல்லை. அந்த வெள்ளி 4, ஞாயிறு 4, ஆக 8. அடுத்த வெள்ளியும் சனியும் வழக்கம்போல இன்னொரு 8. நூலகத்தின் கணக்கிலும் எப்போதும்போல 12. ஆனால் ஞாயிறு முதல் சனி வரை கூட்டிப் பாருங்கள். ஞாயிறு 4, திங்கள் முதல் புதன் வரை 12, வெள்ளி 4, சனி 4. மொத்தம் 24.

வியாழக்கிழமை மாலை அந்த வார நேரங்களை எழுதிப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. மறுநாள் காலை டிஎஸ்ஓவிடம் போனேன். அவர் நாட்காட்டியைத் திருப்பி வைத்து, "பல்கலைக்கழகக் கணக்கில் அந்த ஞாயிறு புது வாரத்தின் முதல் நாள்" என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். சனிக்கிழமை ஷிப்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு 20-இல் நின்றேன். இரண்டு சம்பளக் கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

இன்னொன்று, சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவதால் "இரண்டு வாரத்துக்கு 40" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்று சராசரி பார்க்க முடியாது. 24 வந்த வாரம் மீறல்தான்.

படி 4: ஏழு நாள் கணக்கு

யாருடைய வாரம் எந்தக் கிழமையில் தொடங்கினாலும் சிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. எந்த ஏழு தொடர்ச்சியான நாளை எடுத்தாலும் கூட்டுத்தொகை 20-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்பதைவிட இது கடுமையானது. ஆனால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் நிற்கும். இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். சிலவற்றை முயன்று பார்த்தேன், எதுவும் இரண்டு முதலாளிகளைச் சேர்த்து ஏழு நாளுக்குக் கூட்டித் தரவில்லை. சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

A நிரலில் தேதி, B-இல் நூலகம், C-இல் கடை. முதல் வரிசை தலைப்புக்கு. D2-வில் அன்றைய மொத்தம், E8-இல் அன்றோடு முடியும் ஏழு நாளின் மொத்தம். இரண்டையும் கீழே வரை இழுத்து விடுங்கள்.

```
D2:  =B2+C2
E8:  =SUM(D2:D8)
```

வேலை இல்லாத நாளுக்கும் ஒரு வரிசை இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஏழு வரிசை என்பது ஏழு நாளாக இருக்காது. யாராவது ஷிப்ட் மாற்றக் கேட்டால், ஒத்துக்கொள்ளும் முன் அந்த நாளின் நேரத்தையும் அடுத்த ஆறு நாளுக்கு ஏற்கெனவே உள்ள ஷிப்ட் நேரங்களையும் போட்டுவிட்டு, E நிரலில் அந்த வரிசையையும் அடுத்த ஆறு வரிசைகளையும் பாருங்கள். என் ஞாயிற்றுக்கிழமையைப் போட்டுப் பார்த்திருந்தால், ஆறு வரிசை கீழே 24 என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

திட்டமிடும்போது 20 வேண்டாம், 18 வையுங்கள். கடை மூடும்போது வரிசையில் நாலு பேர் நிற்பார்கள், பாத்திரம் கிடக்கும், 20 நிமிடம் கூடும். பயிற்சிக் கூட்டத்துக்குச் சம்பளம் தந்தால் அந்த நேரமும் கணக்கில் சேரும். விதியில் இருபதேகால் என்பதும் 20-க்கு மேல்தான்.

*பின்னர் சேர்த்தது:* ஒரு வாசகர் தன் தாளில் எப்போதுமே குறைவாக வருகிறது என்று எழுதியிருந்தார். 3 மணி 40 நிமிடத்தை 3.40 என்று போட்டிருக்கிறார். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், அது 3.67. வாரம் ஐந்து ஷிப்ட் என்றால் இந்தத் தவறு ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் மறைத்துவிடும்.

படி 5: விடுமுறையும் கடைசி நாளும்

கல்லூரியின் அதிகாரப்பூர்வ விடுமுறையில், அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், முழு நேரம் பார்க்கலாம். உங்கள் வகுப்பு முடிந்த நாளை விடுமுறையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடைசித் தேர்வு செவ்வாயன்று முடிந்தாலும், கல்லூரி நாட்காட்டியில் வெள்ளி வரை தேர்வுக் காலம் என்றால் வெள்ளி வரை 20-தான். பாதி வகுப்பு, பாதி விடுமுறை என்று வரும் வாரத்தையும் நான் 20-க்குள்ளேயே வைக்கிறேன்.

ஐ-20-இல் உள்ள படிப்பு முடியும் தேதியோடு வளாக வேலையும் முடிகிறது. அதற்குப் பிறகு வரும் 60 நாள் கிளம்புவதற்கான அவகாசம். அதில் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்க முடியாது.

*மேலும் ஒரு கேள்வி:* உதவி ஆசிரியர் பணி வாரம் 20 மணி நேரம் என்று கடிதத்தில் இருக்கிறது, உண்மையில் 12 மணி நேரம்தான் வேலை வருகிறது, மீதி 8-க்குக் கடையில் சேரலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. ஒப்பந்தத்தில் இருப்பதுதான் கணக்கு. அந்த 20 நிரம்பிவிட்டது.

தாண்டிவிட்டால்

கூடுதல் நேரத்தை அடுத்த வாரத் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளரே சொன்னாலும் செய்யாதீர்கள். அது பொய்யான பதிவு, முதல் தவறைவிடப் பெரிது. மீதி ஷிப்டுகளை உடனே நிறுத்திவிட்டு, சம்பள ரசீதுகளையும் உங்கள் தாளையும் எடுத்துக்கொண்டு டிஎஸ்ஓவிடம் போங்கள். அவருக்கும் செவிஸில் பதிவு செய்யும் கடமை இருக்கிறது. எனவே பேசும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேட்பது நல்லது; பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. இவ்வளவு சொல்லக் காரணம், எஃப்-1 நிலையை இழந்தவர் அதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கும்போது, அனுமதி இல்லாத வேலை பார்த்திருக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை.

தாளை எப்போது நிரப்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் ஷிப்ட் முடிந்து ஏப்ரனைக் கழற்றியதும், கடை வாசலிலேயே நின்று போனில் போட்டுவிடுவேன். இரவு அறைக்குப் போய்ப் போடலாம் என்று விட்ட நாள்களில்தான் நேரம் சரியாக நினைவில் இருந்ததில்லை.