பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பொறியியலோ டிப்ளமோவோ படிக்கும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் உதவித்தொகைதான் பிரகதி. ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்களும், நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் படிப்பவர்களுக்கு இது கிடையாது.

முதல் வேலை, கல்லூரி சேர்ந்ததும் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது. அது கைக்கு வரச் சில நாள் ஆகும். கடைசித் தேதி நெருங்கியபின் ஓடினால் கிடைக்காது.

அடுத்தது பெயர். தேசிய உதவித்தொகைத் தளமான scholarships.gov.in-இல் முதலில் ஓடிஆர் என்னும் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். ஆதார் எண் கொடுத்து, செல்போனில் முகத்தைக் காட்டினால் 14 இலக்க எண் ஒன்று வரும். பெயர் ஆதாரிலிருந்தே எடுக்கப்படும். நம் ஊரில் சிக்கல் இங்கேதான். என் சித்தி மகளுக்கு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும்; ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்திவிட்டுத்தான் பதிவு செய்தோம். நீங்களும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓடிஆர் எண்ணோடு உள்ளே போய்ப் படிப்பு, கல்லூரி, மதிப்பெண் விவரங்களை நிரப்பினால், உங்களுக்குப் பொருந்தும் திட்டங்களைத் தளமே காட்டும். அதில் பிரகதியைத் தேர்ந்தெடுங்கள். பட்டப்படிப்புக்கு 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணும், டிப்ளமோவுக்கு 10-ஆம் வகுப்பு மதிப்பெண்ணும் வைத்துத் தகுதிப் பட்டியல் போடுவார்கள். தகுதி இருந்தாலே பணம் வந்துவிடும் என்றில்லை. இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

அனுப்பியாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பாளர் அதைத் தளத்தில் சரிபார்க்க வேண்டும், அதற்கும் தனிக் கடைசித் தேதி உண்டு. அவர் மறந்தால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அச்சிட்ட படிவத்தையும் சான்றிதழ் நகல்களையும் நேரில் கொடுத்து, வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். Defective என்று வந்தால் ஏதோ பிழை. திருத்தித் திரும்ப அனுப்பலாம். Rejected என்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

கடைசியாக வங்கிக் கணக்கு. பணம் ஆதார் வழியாக வருவதால், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு மானியத்துக்காக இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். myaadhaar.uidai.gov.in தளத்தில் Bank Seeding Status பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். பழைய, மூடிப்போன கணக்கு அங்கே இருந்தால், இப்போதைய வங்கிக் கிளையில் படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கும் தொகை தானாக வராது. தேறி மேல் வகுப்புக்குப் போனதும் அதே தளத்தில் புதுப்பிக்க வேண்டும்.