மலையில் பிள்ளை பிறந்தால் பிறப்பை எங்கே பதிவது, என்ன காகிதம் வேண்டும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு. பிரசவத்தில் சிக்கல் என்று மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆகஸ்டு 5ஆம் தேதி அங்கே பிள்ளை பிறக்கிறது. ஊர் திரும்பியதும் அப்பா நேராகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறார். "இங்கே பதிய முடியாது" என்று பதில் வருகிறது. அலுவலர் சொல்வது சரிதான். பெற்றோர் எந்த ஊராக இருந்தாலும், பிள்ளை எந்த எல்லைக்குள் பிறந்ததோ அந்த எல்லையின் பதிவாளரிடம்தான் பிறப்பு பதிவாகும். இந்தப் பிள்ளைக்கு அது கோயம்புத்தூர் மாநகராட்சி. ஊர் முகவரி சான்றிதழில் பெற்றோர் முகவரியாக மட்டும் வரும்.

1. டிஸ்சார்ஜுக்கு முன்பே படிவத்தைப் பாருங்கள்

மருத்துவமனையில் பிறந்தால் பதிவாளருக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பு. அதற்கான தாள் பிறப்பு அறிக்கை, அதாவது படிவம் 1. அதை நிரப்ப உங்களிடம் கேட்பவை: தாயின் பிக்மி எண் (12 இலக்க ஆர்.சி.எச். எண், தாய் சேய் அட்டையில் இருக்கும்), தாய், தந்தை இருவரின் ஆதார், வீட்டு முகவரி. பிக்மி எண் இல்லாவிட்டால் பதிவு அங்கேயே நின்றுவிடும். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் உடனே கேட்டு வாங்குங்கள்.

படிவத்தில் இரண்டு பகுதி உண்டு. தாயின் படிப்பு, தொழில், பிள்ளையின் எடை போன்றவை கணக்கெடுப்புக்கானவை, சான்றிதழில் வராது. சான்றிதழில் வருவது சட்டப் பகுதி: பிறந்த தேதி, பாலினம், பெற்றோர் பெயர், பிறந்த இடம், முகவரி. தவறு பெரும்பாலும் பெயரில்தான். தாயின் ஆதாரில் அவருடைய அப்பா பெயரின் இனிஷியல் இருக்கும், அட்டையில் கணவர் இனிஷியல் எழுதியிருப்பார்கள். இரண்டில் எது படிவத்தில் ஏறியதோ அதுவே சான்றிதழில் நிற்கும். ஆதாரில் உள்ளபடி, தமிழிலும் ஆங்கிலத்திலும், எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். நள்ளிரவை ஒட்டிப் பிறந்திருந்தால் தேதியையும் பிரசவக் குறிப்போடு ஒத்துப் பாருங்கள்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சுருக்கம், தாய் சேய் அட்டை, பெற்றோர் ஆதார் நகல்கள். நிரப்பிய படிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு ஆகவில்லை என்று பின்னால் தெரிந்தால், பதிவாளர் முதலில் கேட்பது டிஸ்சார்ஜ் சுருக்கத்தைத்தான். எங்கே, எப்போது பிறந்தது என்று அதுதான் சொல்லும். லேமினேஷன் போடாதீர்கள், சீல் வைக்க இடமில்லாமல் போகும்.

3. நாள் கணக்கு

21 நாளுக்குள் தகவல் சேர வேண்டும். நம் பிள்ளைக்கு அது ஆகஸ்டு 26. இரண்டு வாரம் ஆனதும் பதிவாகிவிட்டதா என்று மருத்துவமனையிலோ பதிவாளரிடமோ கேட்டுவிடுங்கள். கீழே இறங்கி ஏற ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. 21 தாண்டி 30 நாள் வரை என்றால் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் ஆணை இல்லாமல் நடக்காது.

4. மருத்துவமனைக்கு வெளியே பிறந்தால்

மலைப்பாதையில் 108 வண்டியிலேயே பிறந்துவிட்டால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டியவர் வண்டிக்குப் பொறுப்பானவர். பிறகு சேர்க்கும் மருத்துவமனையில் "வழியில், வண்டியில் பிறந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். அங்கேயே பிறந்ததாக எழுதிவிட்டால் வண்டியின் பதிவும் மருத்துவமனைப் பதிவும் முரண்படும்.

வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் தகவல் தர வேண்டும். கிராமமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம்.

எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் தனி விதி உண்டு, பலருக்குத் தெரியாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, 4 ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களில் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டியவர் தோட்டத்தின் மேலாளர். குடும்பம் விவரத்தை மேலாளரிடம் தந்தால் போதும். அதை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பெயர் முடிவாகவில்லையென்றால்

பெயர் இடத்தை வெறுமையாக விட்டே பதியலாம். வாயில் வந்த பெயரை அவசரத்தில் கொடுத்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம், வெறுமையாக விட்டதை நிரப்புவது எளிது. 12 மாதத்துக்குள் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பெயரைக் கட்டணமின்றிச் சேர்ப்பார்கள். அதற்கும் பிறப்பு பதிவான அதே அலுவலகம்தான். கோத்தகிரிக் குடும்பம் அதற்காக மறுபடி கோயம்புத்தூர் இறங்க வேண்டும். அடுத்த தடுப்பூசிக்கோ சோதனைக்கோ அங்கே போகிற நாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.