சிவராத்திரி விரதமும் திருகோணமலைப் பயணமும்: எங்கே சறுக்குகிறோம்

சிவராத்திரிக்குக் கோணேசர் கோயில், அப்படியே நிலாவெளியில் இரண்டு நாள் கடல் என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பல குடும்பங்கள் கிளம்புகின்றன. நல்ல யோசனைதான். ஆனால் அட்டவணையை விடுமுறைக்கு என்று போட்டுவிட்டு, விரதத்தை அதற்குள் எப்படியாவது செருகப் பார்ப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு விரத நாளன்றே பயணம் செய்வது. காலையில் யாழ்ப்பாணத்தில் கிளம்பி, வெறும் வயிற்றோடு வாகனத்தில் ஐந்தாறு மணி நேரம் குலுங்கி, மாலையில் அறையில் பையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினால் இரண்டாம் யாமத்திலேயே கண் சொருகும். முதல் நாளே வந்துவிடுங்கள். முறைப்படி பார்த்தாலும் அன்று திரயோதசி, ஒருவேளை உணவுதான். அந்த ஒரு வேளையை மதியம் வந்து சேர்ந்ததும் சோறும் மரக்கறியுமாக நிதானமாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

தங்குமிடமும் அப்படித்தான். நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். சிவராத்திரி இரவுக்கு அது ஒத்துவராது. நடுச்சாமத்தில் பிள்ளைக்குத் தூக்கம் வந்தால், அம்மம்மாவுக்கு இடுப்பு வலித்தால், யார் கொண்டுபோய் விடுவது? அந்த இரண்டு இரவும் நகருக்குள், கோயில் இருக்கும் கோட்டைக்குக் கிட்ட அறை எடுங்கள். கடற்கரை விடுதி மூன்றாம் நாளுக்கு இருக்கட்டும்.

இனிச் சாப்பாடு. முழுப் பட்டினி இருப்பவருக்கு இதில் சிக்கலே இல்லை. பாலும் பழமும் எடுப்பவரும், ஒருவேளை சைவ உணவு உண்பவரும்தான் ஏமாறுகிறார்கள். நம் நாட்டு ஹோட்டல்களில் ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று சொல்லித் தருவதிலும் மாசிக்கருவாட்டுத் தூள் இருக்கலாம். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில இடங்களில் பருப்பு, சொதி கூட. “சைவமா?” என்று கேட்டால் ஆம் என்பார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் இறைச்சியும் மீன் துண்டும் இல்லை. “மாசி போட்டதா?” என்று நேராகக் கேளுங்கள். மரக்கறிக் கொத்து என்றால் கல்லையும் பாருங்கள்; அதே தட்டில்தான் கோழிக் கொத்தும் விழுகிறது. இதையெல்லாம் விசாரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சைவ உணவகங்களோடு நின்றுகொள்வது மேல்.

பகலை வெறுமையாக விடப் பலருக்கு மனம் வராது. வந்த காசுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறு, கோட்டை, சந்தை என்று சுற்றுவார்கள். கோட்டைக்குள் புள்ளிமான்களைப் பார்ப்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அதைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் தரையில் நடந்தால் கால் சுடும். கன்னியாவை விரத நாளில் தவிர்ப்பது நல்லது. வெதுவெதுப்பான நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறையும். வயிறும் காய்ந்து, நீரும் குறைந்த உடம்பென்றால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். மதியம் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். இரவில் மலையுச்சியில் கடற்காற்று விடாமல் அடிக்கும், ஒரு சால்வை வேண்டும்.

நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் விரதம் இருக்க விரும்பினால், மருந்தின் அளவையும் நேரத்தையும் ஊரில் இருக்கும்போதே வைத்தியரிடம் பேசி முடிக்க வேண்டும். வழக்கமான மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கக்கூடும். வியர்வை, கைநடுக்கம், பேச்சில் குழப்பம் கண்டால் அது பக்திப் பரவசம் அல்ல. உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், விரதம் அத்தோடு முடிந்தது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

விரதம் முடிக்கும் பாரணையைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நான்காம் யாமம் முடிந்து குளித்துவிட்டு வரும்போது ஆறு, ஆறரை. விடுதியில் காலை உணவு பெரும்பாலும் ஏழரைக்குத்தான். பசி தாங்காமல் வழியில் உளுந்து வடையும் பால் தேத்தண்ணியும் வாங்கி, பத்து மணிக்கு நெஞ்செரிச்சலோடு படுத்திருப்பவர்கள் ஏராளம். முதல் நாளே விடுதிச் சமையலறையில் சொல்லி வையுங்கள்: ஆறரைக்கு இடியப்பம், மாசி போடாத சொதி. அதற்கு முன் ஒரு செவ்விளநீர். முடியாது என்றால் சுடுதண்ணிப் போத்தலில் ஜவ்வரிசிக் கஞ்சி போதும். வயிறு நிறையச் சோறு மதியத்துக்கு.

அப்புறம், அன்று காலையே வாகனத்தை எடுத்து வீடு திரும்பாதீர்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கண்விழித்தவர் மது அருந்தியவரைப் போலத்தான் ஓட்டுவார். தேத்தண்ணி அதை மாற்றாது. இரண்டு மணி வரை தூங்கி எழுந்து, மாலையில் நிலாவெளிக்குப் போகலாம். புறாத்தீவுக்குப் படகு என்ற ஆசை இருந்தால் இந்தப் பயணத்தில் வைக்காதீர்கள். பெப்ரவரியில் கிழக்குக் கடல் முழுதாக அடங்கியிருக்காது. அதற்கு மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் நல்ல காலம்.