பதினோரு மாதம் கேட்டவருக்கு மூன்று வருடம்

கடையை வாடகைக்கு எடுத்திருக்கும் தையற்காரர், பழைய வாடகையிலேயே இன்னும் 11 மாதம் நீட்டிக்கச் சொல்லி எழுதியிருந்தார். வருடா வருடம் இதே பேரம் எனக்கு அலுத்துவிட்டது. “சரி” என்று மட்டும் பதில் போட்டால் அவர் கேட்டதையே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இப்படி எழுதினேன்: “அண்ணே, நீங்கள் கேட்டபடி இல்லாமல், 3 வருடத்துக்குத் தரத் தயார். முதல் வருடம் இப்போதுள்ள 12,000 ரூபாய்தான். அப்புறம் வருடத்துக்கு 5 சதவீதம் கூடும். அட்வான்ஸ் மாறாது. மாத இறுதிக்குள் சம்மதம் எழுதித் தாருங்கள். இல்லையென்றால் இந்தப் பேச்சு செல்லாது.”

ஒரு வருடத்தைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவு பாதிப் பாதி என்பதையும் சேர்த்தேன். தகராறு பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். அவர் 3 மாத முன்னறிவிப்போடு காலி செய்யும் உரிமை கேட்டார், கொடுத்தேன்.